அமெரிக்க வாடிக்கையாளருக்கு டாலரில் பில் அனுப்புகிறேன். வங்கியில் வந்து சேரும்போது தொகை குறைகிறது. கட்டணம் குறைவாகப் பணம் பெற எது நல்ல வழி?

நீங்கள் இந்தியாவில் இருந்துகொண்டு தனியாளாக வேலை செய்கிறீர்கள், மாதம் ஒன்றிரண்டு பில்கள் அனுப்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கணக்காயர் அல்லன். கோவையில் இருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தருபவன். ஆகவே பிழை கண்டால் திருத்துங்கள், ஆனால் 'இதெல்லாம் சில்லறைக் காசு' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தச் சில்லறையை நான் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

2023இல் ஒரு வாடிக்கையாளர் 2,000 டாலரை, நாடுகளுக்கிடையே வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக என் வங்கிக் கணக்கிற்கு அனுப்பினார். அன்றைய சந்தை விகிதம் டாலருக்கு ஏறத்தாழ 83 ரூபாய் என்பதால் 1,66,000 ரூபாய் வர வேண்டும். வந்தது 1,60,335 ரூபாய். வங்கியில் கேட்டபோது, தாங்கள் பிடித்தது 500 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ஆக 590 ரூபாய் என்றார்கள். அது பொய்யில்லை. மீதி 5,000 ரூபாய்க்கு மேல் எங்கே போயிற்று என்பதற்குத்தான் அங்கே யாரிடமும் பதில் இல்லை.

வாடிக்கையாளரிடம் MT103 நகலை, அதாவது அவருடைய வங்கி அனுப்பிய ஸ்விஃப்ட் பரிமாற்றச் செய்தியின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் 71A என்ற புலத்தில் SHA என்று இருந்தது. அதாவது கட்டணத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வது. அந்த ஏற்பாட்டில் வழியில் இருக்கும் இடைநிலை வங்கி தன் கூலியை அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படி 25 டாலர், அதாவது 2,075 ரூபாய் போயிருந்தது. எஞ்சிய 1,975 டாலரை என் வங்கி 83க்குப் பதில் 81.60 ரூபாய் விகிதத்தில் மாற்றியதில் 2,765 ரூபாய் போயிற்று. நாணய மாற்றுக்கென்று தனியே கணக்கிடப்படும் ஜிஎஸ்டி 235 ரூபாய். பெரிய ஓட்டை, 'கட்டணம்' என்ற பெயரே இல்லாத அந்த மாற்று விகிதத்தில்தான் இருந்தது.

அடுத்த பில்லில் வங்கிக் கட்டணங்கள் முழுவதும் அனுப்புபவரைச் சேரும் என்று எழுதி, OUR முறையில் அனுப்பச் சொன்னேன். அது இடைநிலை வங்கியின் பிடித்தத்திற்கு மட்டுமே மருந்து. விகிதத்தை அது தொடுவதில்லை. எனவே எந்தச் சேவையை ஒப்பிட்டாலும் அதன் கட்டண விழுக்காட்டைப் பார்க்காமல், 'இன்று 2,000 டாலர் வந்தால் என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

இப்போது நான் பயன்படுத்துவது, அமெரிக்காவிலேயே டாலர் பெறும் கணக்கு எண் ஒன்றைத் தந்து, சந்தை விகிதத்தில் மாற்றி, ஒரு விழுக்காடு கட்டணம் பிடிக்கும் சேவை. அதே 2,000 டாலருக்குக் கட்டணம் 1,660 ரூபாய், அதன் மீது ஜிஎஸ்டி சுமார் 299 ரூபாய். இழப்பு 5,665 ரூபாயிலிருந்து 1,959 ரூபாயாக இறங்கியது.

மலிவான இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. கடைசியில் பணம் உள்ளூர் பரிமாற்றம்போல ரூபாயாக வந்து விழுவதால், உங்கள் வங்கி அறிக்கையில் அது வெளிநாட்டு வரவாகவே தெரியாமல் போகலாம். எல்யூடி என்னும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து ஐஜிஎஸ்டி கட்டாமல் சேவை ஏற்றுமதி செய்பவருக்கு, பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்குச் சான்று வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏ என்னும் அந்நிய வரவுச் சான்று தருவார்களா, அதில் உங்கள் பெயரும், பணம் எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீடும் சரியாக இருக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய வங்கிக் கிளையில் ஒருமுறை, மென்பொருள் ஆலோசனைக்குரிய P0802 என்ற குறியீட்டை நான் எழுதிக் கொடுத்தும், குடும்பப் பராமரிப்புக்கான P1301 என்று பதிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அதைத் திருத்த மூன்று கடிதங்களும் ஆறு வாரங்களும் ஆயின. வங்கி ஊழியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; ஆனால் வந்த அன்றே சான்றைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்திருக்கும்.

பில்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். டாலர் பெறும் கணக்குகள் சிலவற்றில், அமெரிக்க உள்நாட்டுப் பரிமாற்ற முறையான ஏசிஎச்சுக்கு வங்கியை அடையாளம் காட்டும் ஒரு வழித்தட எண்ணும், வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்பும் வயர் பரிமாற்றத்திற்கு வேறொரு எண்ணும் இருக்கும். வெறும் எண்ணை மட்டும் எழுதினால் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு பழக்கத்தில் வயர் அனுப்பிவிடும், பணம் திரும்பிப் போகவும் கூடும். நான் எண்ணுக்கு நேராக 'ACH only' என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.