நஷ்டத்துக்குப் பின் டெஃபர்டு டாக்ஸ் அசெட்: ஆடிட்டில் எங்கே தோண்ட வேண்டும்?

கேள்வி: போன வருடம் பெரிய நஷ்டம் காட்டிய ஒரு கம்பெனி டெஃபர்டு டாக்ஸ் அசெட், அதாவது பின்னால் கட்ட வேண்டிய வரி குறையும் என்று இன்றே காட்டும் சொத்து, போட்டிருக்கிறது. ஐந்து வருட ப்ரொஜெக்‌ஷனும் கொடுத்துவிட்டார்கள். வரி விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பெருக்கல் தப்பாவது அபூர்வம். தப்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும். பெருக்கிய தொகை உண்மையிலேயே தற்காலிக வேறுபாடுதானா, அதாவது புத்தகத்துக்கும் வரிக் கணக்குக்கும் இடையே பின்னால் தீர்ந்துவிடும் வித்தியாசம்தானா, அது எந்த வருடம் தீரும், தீரும் வருடத்தில் அதை ஈடுகட்ட வரிக்குரிய லாபம் இருக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. வருமான வரிக்கான சர்வதேசக் கணக்கியல் ஸ்டாண்டர்டான ஐஏஎஸ் 12-ஐ வைத்து ஒரு கற்பனைக் கம்பெனியில் செய்து காட்டுகிறேன். எண்கள் எல்லாம் லட்சத்தில், வரி விகிதம் 25 சதவீதம்.

கம்பெனியின் ஷெட்யூலில் மூன்று ஐட்டங்கள். மெஷினரியின் புத்தக மதிப்பு 900, வரிக் கணக்கில் மீதி 500. வேறுபாடு 400, அதனால் டெஃபர்டு டாக்ஸ் லயபிலிட்டி 100. வாரன்டி ப்ரொவிஷன் 160; பணம் கொடுக்கும்போதுதான் வரியில் கழிவு கிடைக்கும் என்பதால் அசெட் 40. போன வருட வரி நஷ்டம் 1,000, அதன் மேல் அசெட் 250. இந்த நஷ்டத்தை இன்னும் நான்கு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். நிகரமாக 190 அசெட் நிற்கிறது.

முதலில் வேறுபாடுகள். புத்தக மதிப்பு ஏற்கெனவே ஆடிட் ஆன எண். சந்தேகப்பட வேண்டியது வரி அடிப்படை மதிப்பைத்தான். ஷெட்யூலில் இருக்கும் 500 எங்கிருந்து வந்தது? தாக்கல் செய்த வரி ரிட்டர்னில் உள்ள சொத்து மதிப்போடு ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகு வரித்துறை ஏதாவது கழிவை மறுத்திருந்தால் அசெஸ்மென்ட் உத்தரவோடும் ஒத்துப்போக வேண்டும். நிறைய இடங்களில் ப்ரொவிஷன் போடும்போது உத்தேசமாக எடுத்த எண்ணையே அடுத்த வருடமும் இழுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் ரிட்டர்ன் வேறு எண்ணோடு போயிருக்கும்.

வாரன்டி ஐட்டத்தைப் பிரித்துக் கேட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160-ல் 60 ஓர் ஒழுங்குமுறை அமைப்பு போட்ட அபராதம், வசதிக்காக அதே கணக்குத் தலைப்பில் போட்டிருக்கிறார்கள். வரிச் சட்டம் அந்த அபராதத்துக்கு என்றைக்குமே கழிவு தராது என்றால் அது தீரப்போகிற வேறுபாடு இல்லை. அதன் மேல் போட்ட 15 அசெட் போய்விடும். வாரன்டிக்கு மிஞ்சுவது 100, அசெட் 25. இந்த வகைத் தப்பைத் தலைப்பின் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, லெட்ஜரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஷெட்யூலில் இருக்கும் ஐட்டங்களை மட்டும் சோதித்தால் போதாது. பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாக எடுத்து, ஷெட்யூலில் இல்லாதவை ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும். குத்தகைகள், நியாய மதிப்பில் ஏற்றிய முதலீடுகள், குழும கம்பெனிகளுக்குள் விற்று இன்னும் ஸ்டாக்கில் இருக்கும் சரக்கின் லாபம் ஆகியவை அடிக்கடி விடுபடும். வரி விகிதத்தைப் பொறுத்தவரை, அறிக்கைத் தேதிக்குள் சட்டமாகிவிட்டதோ கிட்டத்தட்ட சட்டமானதோ அதுதான் எடுபடும். தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது ஐஏஎஸ் 12-ல் கிடையாது.

சரி, இப்போது அந்த 250. ப்ரொஜெக்‌ஷனைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள வரிக்குரிய வேறுபாடுகள் தீரும்போது வரிக்குரிய வருமானம் தானாகவே உருவாகும். அதற்கு எதிர்கால வியாபாரத்தைப் பற்றிய எந்த ஊகமும் வேண்டாம் என்பதால் இருப்பதிலேயே வலுவான ஆதாரம் அதுதான். ஆனால் ஒரே வரித்துறை, ஒரே வரிக்குட்பட்ட நிறுவனம், பொருந்தும் காலம் என்ற நிபந்தனைகள் உண்டு. காலத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. லயபிலிட்டி 100 இருக்கிறது, ஆகவே 100 வரை அசெட்டுக்குக் கவலையில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் கம்பெனியில் மெஷினரியின் 400 எட்டு வருடத்தில், வருடத்துக்கு 50 வீதம் தீர்கிறது. இதைச் சொத்துப் பதிவேட்டிலிருந்து, இன்று இருக்கும் மெஷின்களை மட்டும் வைத்து, புத்தகத் தேய்மானத்துக்கும் வரித் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசமாக எடுக்க வேண்டும். புது மெஷின் வாங்கிக்கொண்டே இருந்தால் மொத்த வேறுபாடு குறையாது, கூடக் கூடும். அதற்காகப் பழைய வேறுபாடு தீரவில்லை என்று ஆகாது. நஷ்டத்துக்கு ஆயுள் நான்கு வருடம், எனவே 400-ல் 200 மட்டுமே நமக்குப் பயன். அதிலும் முதல் இரண்டு வருடத்தில் வாரன்டிக்கு வருடத்துக்கு 50 வெளியே போகப்போகிறது, அந்தக் கழிவு மெஷினரியின் 50-ஐ அப்படியே விழுங்கிவிடும். வாரன்டி அசெட் 25-க்கு இதனால் ஆதாரம் கிடைத்துவிட்டது. நஷ்டத்துக்கு மிஞ்சுவது மூன்றாம், நான்காம் வருட 50-களான 100 மட்டும். மீதி 900-ஐ எதிர்கால லாபம்தான் தாங்க வேண்டும்.

ப்ரொஜெக்‌ஷன் சொல்லும் வரிக்கு முந்தைய லாபம் ஐந்து வருடத்துக்கு 100, 200, 300, 400, 500. கூட்டினால் 1,500, நஷ்டம் 1,000தானே என்பது மேனேஜ்மென்டின் வாதம். ஐந்தாம் வருடம் வருவதற்குள் நஷ்டம் காலாவதியாகிவிடுகிறது, அதனால் 500 வெளியே. மிச்சம் 1,000. இது கணக்கியல் லாபம், நமக்கு வேண்டியது வரிக்குரிய லாபம். இதற்குள் வருடத்துக்கு 30 வரிவிலக்கு பெற்ற டிவிடெண்ட் இருக்கிறது என்றால் நான்கு வருடத்துக்கு 120 போய் 880. மெஷினரியின் 50-ஐ இங்கே மறுபடி கூட்டக் கூடாது, மேலே எண்ணிவிட்டோம். சில கம்பெனிகள் ப்ரொஜெக்‌ஷனையே வரிக் கணக்கீடாகத் தருவார்கள். அதில் தேய்மான வித்தியாசம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அப்போது மேலே எண்ணிய 100 இரண்டு தடவை வந்துவிடும்.

வருடா வருடம் நஷ்டத்தில் எவ்வளவு பங்கைக் கழிக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் வரிச் சட்டங்களும் உண்டு. அப்படியிருந்தால் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிடவே முடியாது, ஒவ்வொரு வருடமாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் வரம்பு இல்லை.

இனிமேல்தான் கடினமான பகுதி. சமீபத்திய நஷ்ட வரலாறு இருந்தால், நஷ்டத்தின் மேல் அசெட் போடுவதற்கு நம்பவைக்கும் வேறு ஆதாரம் வேண்டும் என்று ஐஏஎஸ் 12-ன் 35-ம் பத்தி கேட்கிறது. நஷ்டம் திரும்ப வர வாய்ப்பில்லாத, அடையாளம் காட்டக்கூடிய காரணத்தால் வந்ததா என்று 36-ம் பத்தி கேட்கிறது. 1,000 நஷ்டமும் மூடிய ஓர் உற்பத்திப் பிரிவால் வந்தது என்று மேனேஜ்மென்ட் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் 850தான் அந்தப் பிரிவுடையது; மிச்சம் 150 நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தின் நஷ்டம். எனக்கு இந்த 150 அந்த 850-ஐ விட முக்கியம். இந்த வருடம் அதே வியாபாரம் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கிறது. அங்கிருந்து 400-க்கு எப்படி ஏறும் என்பதற்கு ஒவ்வொரு படியாக விளக்கம் வேண்டும்.

விளக்கத்தைத் தேட நான் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, கையில் இருக்கும் ஆர்டர்கள். முதல் இரண்டு வருட விற்பனைக்குக் கையெழுத்தான ஒப்பந்தங்கள் இருக்கின்றன, மூடிய பிரிவின் சம்பளமும் வாடகையும் உண்மையிலேயே நின்றுவிட்டன என்றால் அந்த வருடங்களை ஏற்கலாம். மூன்றாம், நான்காம் வருட லாபத்தில் வருடத்துக்கு 100, இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, அதை எடுத்துவிடுகிறேன். 680 ஆகிறது. இரண்டாவது, இதே கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்த ப்ரொஜெக்‌ஷன். சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று பார்க்கும் இம்பெர்மென்ட் சோதனைக்கும், தொடர்ந்து இயங்கும் தன்மை பற்றிய மதிப்பீட்டுக்கும், வங்கிக்கும் கொடுத்த எண்களை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கியிடம் எச்சரிக்கையாகவும் வரி அசெட்டுக்கு உற்சாகமாகவும் இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். இம்பெர்மென்ட் கணக்கு வரிக்கு முந்தைய பணப்புழக்கத்தில் ஓடுவதால் எண்கள் அச்சாக ஒத்துப்போகாது. ஆனால் விற்பனை வளர்ச்சியும் மார்ஜினும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கூடவே பழைய பட்ஜெட்டுகளை எடுத்து நடந்ததோடு ஒப்பிடுங்கள், மதிப்பீடுகளை ஆடிட் செய்வதற்கான ஸ்டாண்டர்டான ஐஎஸ்ஏ 540 கேட்கும் பின்னோக்கிய பரிசீலனை இதுதான். இந்தக் கம்பெனி வழக்கமாகத் தன் லாப பட்ஜெட்டில் 70 சதவீதத்தைத்தான் எட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 680 என்பது 476 ஆகும். வேறுபாடுகள் தீர்வதால் வரும் 100-ஐச் சேர்த்தால் கீழ் எல்லை 576, மேல் எல்லை 780. வரியாக 144-லிருந்து 195 வரை.

பதிவு செய்தது 250. ஆதாரம் தாங்கும் வரம்புக்கு வெளியே மேனேஜ்மென்டின் எண் இருந்தால், வரம்பின் அருகிலுள்ள முனைக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தூரமே குறைந்தபட்சத் தவறு, இங்கே 55. அபராதத்தின் 15-ஐச் சேர்த்தால் 70. நிகர அசெட் 190-லிருந்து 120-க்கு வர வேண்டும். வரம்பின் நடுவுக்கு இறக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் 195-ல் நின்றால், மேனேஜ்மென்டின் எல்லா மதிப்பீடுகளும் சாதகமான முனையிலேயே உட்கார்ந்திருக்கின்றனவா என்று கேள்வி வரும். அதை ஆடிட் பேப்பரில் எழுதி வையுங்கள். நஷ்ட வரலாறு இருக்கும்போது மூன்றாம், நான்காம் வருடங்களை எண்ணவே கூடாது என்று சொல்லும் பார்ட்னர்களும் உண்டு. ஸ்டாண்டர்டில் அப்படி ஒரு வருட வரம்பு எழுதப்படவில்லை, தூரம் கூடக் கூட ஆதாரம் மெலிகிறது என்பதுதான் விஷயம்.

கடைசியாக டிஸ்க்ளோஷர். தற்போதைய அல்லது முந்தைய வருடத்தில் நஷ்டம் வந்து, அசெட் எதிர்கால லாபத்தை நம்பி நின்றால், அந்தத் தொகையையும் அதை ஆதரிக்கும் ஆதாரத்தின் தன்மையையும் 82-ம் பத்தி வெளியிடச் சொல்கிறது. “மேனேஜ்மென்ட் நம்புகிறது” என்ற ஒரு வரி இதற்குப் போதாது. அசெட் போடாமல் விட்ட 220 நஷ்டத்தையும் அதன் காலாவதித் தேதியையும் குறிப்பில் காட்ட வேண்டும். அந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தம் அடுத்த வருடம் கையெழுத்தானால் இந்த 220-ல் ஒரு பகுதியை அப்போது அசெட்டாக ஏற்றலாம்.