கழிவு வீதத்தில் நாட்டு இடரை எத்தனை தடவை கூட்டுவது?

கேள்வி: பேலியகொடையில் குளிர்களஞ்சியம் ஒன்று கட்டி, மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு ஏழு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட இருக்கிறோம். முதலீடு 300 மில்லியன் ரூபாய். வரி போக வருடம் 87 மில்லியன் ரூபாய் கைக்கு வரும், ஏழு வருடமும் வாடகை ஏறாது. லண்டனில் இருக்கும் அண்ணாவும் பணம் போடுகிறார். அவர் அனுப்பிய கணக்கில், வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் 23.5%, "இலங்கை என்றால் நாட்டு இடர் பிரீமியம் போட்டே ஆக வேண்டும்" என்கிறார். அந்த வீதத்தில் திட்டம் நட்டமாகிறது. அவர் சொல்வது சரியா?

பதில்: பிரீமியம் போட வேண்டும் என்பது சரி. அவர் அதை இரண்டு தடவை போட்டிருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

23.5 எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. பத்து வருடத் திறைசேரி முறியின் வட்டி 11, முதிர்ந்த சந்தைகளுக்கான பங்கு இடர் பிரீமியம் 4.5, அதன்மேல் இலங்கையில் முதலிடும் கூடுதல் ஆபத்துக்கான நாட்டு இடர் பிரீமியம் 8. கூட்டினால் 23.5. (கணக்கை விளக்குவதற்காகவே இந்த எண்களை எடுக்கிறேன். நீங்கள் செய்யும் நாளில் சந்தையில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) பார்வைக்குப் பிழையில்லாத கணக்கு. ஆனால் 11% என்பது இடரற்ற வட்டி அல்ல. இலங்கை அரசுக்கு ரூபாயில் கடன் கொடுப்பவர் கேட்கும் விலை அது. பணவீக்கமும் அதற்குள் இருக்கிறது, அரசு கொடுக்காமல் போகலாம் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒருமுறை விலை கொடுத்துவிட்டு, 8 என்று மறுபடியும் கொடுக்கிறார்.

"ரூபாயை அரசே அச்சடிக்கலாமே, ரூபாய் முறியில் என்ன பயம்?" என்று யாராவது கேட்பார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு நிறுத்தியபோது பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தார்கள். ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த முறிகளை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. டொலர் முறியைவிடச் சிறியதுதான், ஆனாலும் ரூபாய் முறிக்குள்ளும் நாட்டு இடர் உண்டு.

சுத்தமான வழி, முழுவதையும் டொலரில் கட்டி, கடைசியில் ஒரே தடவை ரூபாய்க்கு மாற்றுவது. அமெரிக்கத் திறைசேரி முறி 4% என்று வையுங்கள். அதோடு அதே பங்கு இடர் பிரீமியம் 4.5. அடுத்தது நாட்டு இடர். இலங்கையின் கடன் தரத்தில் உள்ள நாடுகளின் டொலர் முறிகள் அமெரிக்க முறியைவிட 6% கூடுதலாகக் கொடுக்கின்றன என்று எடுப்போம். அது முறிக்கான இடைவெளி. உங்களுடையது பங்கு முதலீடு. முறிச் சந்தையைவிடப் பங்குச் சந்தை கூடுதலாக ஆடும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 8 ஆக்குகிறோம். மொத்தம் 16.5%.

இடைவெளியை ஏன் கடன் தரத்திலிருந்து எடுக்கிறேன், இலங்கை முறியின் விலையிலிருந்தே எடுக்கலாமே என்றால், 2024 டிசம்பரில் பழைய முறிகளுக்குப் பதிலாக வந்தவற்றில் சிலவற்றின் கொடுப்பனவு பொருளாதாரம் எப்படி வளர்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். அவற்றின் விளைவு வீதத்தில் எவ்வளவு பயம், எவ்வளவு வளர்ச்சி எதிர்பார்ப்பு என்று பிரிப்பது லேசில்லை.

இனி ரூபாய்க்கு வருவோம். இங்கே நீண்டகாலப் பணவீக்கம் 5, மத்திய வங்கியின் இலக்கும் அதுதான். அமெரிக்காவில் 2.

```
1.165 × (1.05 / 1.02) − 1 = 0.199
```

19.9%. அண்ணாவின் 23.5க்கும் இதற்கும் இடையில் 3.6 புள்ளி. சரிபார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது: அமெரிக்க 4%ஐ மட்டும் அதே பணவீக்க வித்தியாசத்தால் ரூபாய்க்கு மாற்றினால் 7.1 வரும். திறைசேரி முறியோ 11 கொடுக்கிறது. மிச்சம் 3.9தான் அந்த முறிக்குள் ஒளிந்திருந்த நாட்டு இடர். அவர் இரண்டாம் தடவை கட்டியது கிட்டத்தட்ட அதே அளவு.

உங்கள் எண்களில் போட்டுப் பார்த்தேன். 23.5%இல் ஏழு வருடப் பணத்தின் இன்றைய பெறுமதி 285.7 மில்லியன், தேறிய நிகழ்காலப் பெறுமதி 14.3 மில்லியன் நட்டம். 19.9%இல் 314.5 மில்லியன், 14.5 மில்லியன் இலாபம். ஒரே கட்டடம், ஒரே வாடகை.

இதற்கு நேர் எதிரான பிழையையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு சாத்தியவள அறிக்கையில் வாடகை ரூபாயில், கழிவு வீதம் டொலரில். உங்கள் திட்டத்துக்கு அப்படி 16.5% போட்டால் 46 மில்லியன் இலாபம் தெரியும். அது முழுக்க நாணயக் குழப்பம். உங்கள் வாடகை ஏழு வருடத்துக்கு ஏறாது. ரூபாய் இறங்கும் ஒவ்வொரு வருடமும் அது தேயும். எக்ஸெல் தாளில் காசுப் பாய்ச்சல் வரிக்குப் பக்கத்தில் நாணயத்தின் பெயர் எழுதியிருக்கிறதா, கழிவு வீதத்துக்குப் பக்கத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை.

அண்ணா அடுத்து மின்வெட்டைச் சொல்வார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. குளிர்களஞ்சியத்துக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன? "அதற்கு இன்னும் 2% போடு" என்றால் சம்மதிக்காதீர்கள். மின்வெட்டு நாட்டு இடரின் ஒரு முகம். பொதுவான அளவில் அது ஏற்கனவே அந்த 8க்குள் இருக்கிறது. குளிர்களஞ்சியத்துக்கே உரிய கூடுதல் அடி ஜெனரேட்டர் டீசல். அதைக் காசுப் பாய்ச்சலில் எழுதலாம், ஏனென்றால் அதை எண்ண முடியும்: எத்தனை மணித்தியாலம், மணிக்கு எத்தனை லீற்றர். நல்ல வருடமும் கெட்ட வருடமும் கலந்து சராசரியாக வருடம் 3 மில்லியன் என்று வந்தால் 87, 84 ஆகும். 19.9%இல் இன்னும் 3.6 மில்லியன் இலாபம் நிற்கிறது. அதே பயத்தை 2% ஆக வீதத்தில் ஏற்றினால் 2 மில்லியன் நட்டம். இரண்டு இடத்திலும் போட்டால் திட்டத்துக்கு மூச்சே இருக்காது.

ஆனால் 3.6 மில்லியனைக் கண்டு அண்ணாவிடம் "பார்த்தீர்களா" என்று சொல்லப் போகாதீர்கள். 84 மில்லியனில் திட்டம் சரிக்குச் சரி நிற்கும் வீதம் 20.3%. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் நாட்டு இடர் பிரீமியம் 8.4 வரை தாங்கும். முறி இடைவெளி 6க்குப் பதில் 6.3 ஆனாலே இலாபம் போய்விடும். அந்த இடைவெளியை 0.3 புள்ளி துல்லியமாகச் சொல்ல என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது. ஆகவே வீதத்தைப் பற்றி அவரோடு இதற்குமேல் வாதாடுவதில் பயனில்லை. உங்கள் வாடகைக்காரருக்கு வருமானம் டொலரில் வருகிறது. 2022இல் ரூபாய் சில மாதங்களில் 200இலிருந்து 360 வரை விழுந்தபோது அவருக்குக் கையில் ரூபாய் கூடியிருக்கும், நிலையான வாடகை வாங்குபவருக்கு டொலர் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி கரைந்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வரி கேளுங்கள்: மூன்றாம் வருடத்திலிருந்து வாடகை டொலர் மாற்று வீதத்தோடு நகர வேண்டும் என்று. பாதி வாடகைக்கு மட்டும் சம்மதித்தாலும் போதும். கணக்கைத் திருப்பிப் போடலாம்.