கணவன் மனைவி வரியைச் சேர்த்துக் காட்டினால் லாபமா, தனித்தனியாகக் காட்டினால் லாபமா?

"கல்யாணமாகிவிட்டது, வரியைச் சேர்த்தே காட்டலாமா? எது குறைவாக வரும்?"

இருவரும் ஓரளவு சம்பாதித்தால் தனித்தனியே நல்லது. கூட்டு மதிப்பீடு என்றால் ஒருவரின் வருமானம் முழுவதும் மற்றவர் கணக்கில் ஏறி, ஒரே வரியாகிவிடும்.

பினாங்கில் தண்ணீர்க் கட்டணம் நினைவிருக்கிறதா? முதல் அளவுக்கு மலிவு, கூடக் கூட விலை ஏறும். இரண்டு வீட்டுத் தண்ணீரை ஒரே மீட்டரில் விட்டால் என்னவாகும்? அதே கதைதான் இங்கும்.

பட்டர்வொர்த்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கழிவுகள் போகக் கணவரின் வரிக்குரிய வருமானம் 60,000 ரிங்கிட், வரி 2,600. மனைவியின் ஆண்டு வருமானம் 30,000. சொந்தக் கழிவு 9,000 போனால் 21,000, அதற்கு வரி 180. ஆனால் 35,000க்குள் இருப்பதால் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு, ஆக ஒன்றுமில்லை. சேர்த்தால்? மனைவியின் 9,000 கழிவு போய்விடும், பதிலுக்குக் கணவருக்கு 4,000 மட்டும். 86,000க்கு வரி 6,740!

அப்படியானால் எப்போது சேர்ப்பது? மனைவி டியூஷன் எடுத்து ஆண்டுக்கு 3,000 மட்டும் சம்பாதித்தால், அந்த 9,000 கழிவு எப்படியும் வீண். சேர்த்தால் 59,000க்கு 2,490. 110 ரிங்கிட் மிச்சம். 4,000 தாண்டினால் பொதுவாக இந்த லாபம் போய்விடும். சேர்ப்பதா, தனியாகக் காட்டுவதா என்பதை ஆண்டுதோறும் படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், மனைவிக்கு வருமானமே இல்லாவிட்டால் 4,000 கழிவுக்காகக் கூட்டு மதிப்பீடு எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம், அது கணவரின் சொந்தக் கணக்கிலேயே கிடைக்கும்.