குழந்தையின் காதில் ‘த’வும் ‘ட’வும்

பச்சைக் குழந்தைக்குப் பிறமொழி ஒலிகள்கூடப் பிரிந்து கேட்குமாமே, அப்புறம் ஏன் பெரியவர்களுக்குக் கேட்பதில்லை?

காது மங்குவதில்லை, மூளை ஒலிகளை வகை பிரிக்கும் விதம்தான் மாறுகிறது. ‘த’வைக் கணினியில் சிறுகச் சிறுக ‘ட’வாக மாற்றினாலும், இரண்டும் உள்ள மொழிக்காரருக்கு ஓர் இடத்தில் சட்டென்று ‘ட’ ஆகிவிடும்.

1984இல் உளவியலாளர்கள் ஜானட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் இந்த இரண்டு ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஒலி மாறியதும் தலையைத் திருப்பினால் பொம்மை ஒளிரும். 6-8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். 10-12 மாதத்தில் வெகுசிலரே. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வகைக்குள் போய்விடுகின்றன.

எனக்கு வியப்பு இதுதான்: தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகளை ஆங்கிலம் பேசும் பெரியவர்களும் நன்றாகவே பிரித்தறிகிறார்கள். அவை தங்கள் மொழியின் எந்த ஒலியையும் ஒத்திருப்பதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.