ஸ்லைடு தலைப்பைக் கேள்வியாக்குவது: டெட்லாக் பாடத்தை வைத்து

கேள்வி: மேம் தர்ற பிபிடியில இருக்கிற தலைப்பை எல்லாம் கேள்வியா மாத்தி எழுதிப் படிக்கலாம்னு பார்த்தேன். எழுதினா எல்லாமே "என்றால் என்ன?"ன்னுதான் வருது. இதை எப்படிச் சரியா செய்றது?

தலைப்பை மட்டும் பார்த்து எழுதினால் அப்படித்தான் வரும். ஒரு தலைப்புக்குக் கீழே இருப்பது விளக்கமா, பட்டியலா, செய்முறையா, நிபந்தனையா என்று தலைப்பு சொல்லாது. அதனால் முதலில் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். தலைப்பைக் கடைசியில் தொடுங்கள்.

நான் இதை ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில், பிராசஸ்கள் ஒன்று வைத்திருக்கும் ரிசோர்ஸுக்காக இன்னொன்று காத்து எல்லாமே நின்றுபோகும் டெட்லாக் பற்றிய பாடத்தில்தான் முதலில் செய்தேன். முதல் இன்டர்னலுக்கு உங்களைப் போலவே "என்றால் என்ன" கேள்விகளாக எழுதிப் படித்துவிட்டு, 13 மதிப்பெண் கேள்வியில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் முறையை மாற்றினேன்.

எங்கள் ஸ்லைடுகளில் "பேசிக் ஃபேக்ட்ஸ்" என்று ஒரு தலைப்பு இரண்டு இடத்தில் வந்தது. முதலாவது, ரிசோர்ஸ் அலொகேஷன் கிராஃப் பற்றியது. கிராஃபில் சைக்கிள் இல்லை என்றால் டெட்லாக் இல்லை. சைக்கிள் இருந்து, ஒவ்வொரு ரிசோர்ஸும் ஒன்றே ஒன்றுதான் என்றால் டெட்லாக் உறுதி. ஒரே வகையில் பல இருந்தால் டெட்லாக் வரலாம், வராமலும் போகலாம். இதைப் படித்ததும் கேள்வி தானாக வருகிறது: "கிராஃபில் சைக்கிள் இருந்தால் டெட்லாக் கட்டாயம் இருக்குமா?" அருமையான 2 மதிப்பெண் கேள்வி. இரண்டாவது, எல்லா பிராசஸும் ஏதாவது ஒரு வரிசையில் முடிக்க முடிகிற சேஃப் ஸ்டேட் பற்றியது. அங்கே கேள்வி, "அன்சேஃப் ஸ்டேட்டும் டெட்லாக்கும் ஒன்றா?" ஒன்றில்லை; அன்சேஃப் என்றால் டெட்லாக் வர வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். தலைப்பு ஒன்று, கேள்விகள் வேறு வேறு.

அடுத்து அளவு. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 2 மதிப்பெண்ணில் பத்து, 13 மதிப்பெண்ணில் ஐந்து, 15 மதிப்பெண்ணில் ஒன்று என்று எழுத வேண்டும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கேள்வி என்று போனால் எல்லாம் 2 மதிப்பெண் கேள்விகளாகவே நிற்கும். தலைப்புக்குப் பின்னால் "தொடர்ச்சி" என்று போட்டு இரண்டு மூன்று ஸ்லைடு போகிறது என்றால் அவற்றைச் சேர்த்து ஒரே பெரிய கேள்வியாக்குங்கள். "டெட்லாக் பிரிவென்ஷன்" அப்படிப்பட்டது. அதை நான் இப்படி எழுதினேன்: "டெட்லாக்குக்கான நான்கு நிபந்தனைகளில் ஒவ்வொன்றையும் எப்படி உடைப்பது? உடைப்பதால் வரும் சிக்கல் என்ன?" ஹோல்ட் அண்ட் வெயிட்டை உடைக்க, தேவையான எல்லா ரிசோர்ஸையும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கச் சொல்லலாம். ஆனால் வாங்கியது பயன்படாமல் கிடக்கும், சில பிராசஸ்கள் காத்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது பாதிதான் பதிலை நீளமாக்குகிறது. வெறும் "விளக்குக" என்று எழுதியிருந்தால் அது எனக்கு நினைவுக்கே வந்திருக்காது.

கணக்கு வரும் தலைப்பை வாக்கியக் கேள்வியாக்கிப் பயனில்லை. பேங்கர்ஸ் அல்காரிதம் தலைப்புக்கு நேராக ஒரு சின்னக் கணக்கையே எழுதி வையுங்கள். மொத்தம் 12 டேப் டிரைவ். P1 கையில் 5, அதிகபட்சத் தேவை 9. P2 கையில் 2, தேவை 4. P3 கையில் 3, தேவை 8. மீதி 2. இது சேஃபா? P2-வுக்கு இன்னும் 2 போதும். கொடுத்தால் முடித்துவிட்டுத் திருப்பித் தரும், மீதி 4 ஆகும். அது P1-க்குச் சரியாகப் போதும். அது முடிந்ததும் மீதி 9, P3-யும் முடியும். சேஃப். சரி, ஆரம்ப நிலையில் P3 இன்னும் ஒன்று கேட்டால் தரலாமா? தந்தால் மீதி 1. இன்னும் வேண்டியது P1-க்கு 4, P2-வுக்கு 2, P3-க்கு 4. யாராலும் முடிக்க முடியாது. தரக்கூடாது. கடைசியில் ஒரு "தரலாமா" சேர்த்தால்தான் கேள்வி முழுமையாகும்.

இந்த முறையில் தவறிப்போவது வேறுபாட்டுக் கேள்விகள். "பிரிவென்ஷனுக்கும் அவாய்டன்ஸுக்கும் என்ன வேறுபாடு?" என்பதற்கு எந்த ஸ்லைடிலும் தலைப்பு இருக்காது, அது இரண்டு தலைப்புக்கு நடுவில் இருக்கிறது. பிரிவென்ஷன் நான்கு நிபந்தனைகளில் ஒன்றை விதி போட்டே நடக்காமல் செய்கிறது. அவாய்டன்ஸ் அதிகபட்சத் தேவையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்க்கிறது. அதனால் யூனிட் முடிந்ததும் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அடுத்தடுத்து வரும் இரண்டிரண்டாகப் பாருங்கள். டெட்லாக் யூனிட்டில் எனக்கு இப்படியே மூன்று கேள்விகள் கூடுதலாகக் கிடைத்தன.

எழுதிய கேள்வி சரியா என்று பார்க்க, இரண்டு நாள் கழித்து ஸ்லைடை மூடிவிட்டுப் பதில் எழுதிப் பாருங்கள். பிறகு ஸ்லைடைத் திறந்து, பதிலில் வராத வரிகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் வரவில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்றால், கேள்விதான் சின்னது. அதைத் திருத்துங்கள்.