காதில் விழுந்த வேலையை யாருக்கு, எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, கிடைக்கிற வேலை அறிவித்தல் எல்லாவற்றையும் எங்கள் ஏ.எல் பட்ச் குரூப்பில் போடுகிறேன். ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஏன்?

தம்பி, அதில் எத்தனைக்கு முடிவுத் திகதி இருந்தது என்று ஒருதரம் பாருங்கள். நானும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை கணக்கு உதவியாளர் வேலை என்று ஒரு படத்தை அப்படியே தள்ளிவிட்டேன். வாகரையிலிருந்து ஒரு பிள்ளை பைலும் கையுமாகப் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. ஆள் எடுத்து இரண்டு கிழமை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதையும் அந்தப் பிள்ளை திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது கிழமைக்கு ஒன்றோ இரண்டோதான் அனுப்புகிறேன். அவையும் நானே கேட்டு உறுதி செய்தவை.

வாழைச்சேனை: மச்சான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் நிற்கிறார். முன் மேசைக்கு ஆள் தேவையாம். உடனே போட்டுவிடவா?

கொஞ்சம் பொறுங்கள். குசினியில் நிற்பவருக்கு முன் மேசைக் கதை பாதிதான் தெரியும். யார் ஆள் எடுக்கிறார் என்று மச்சானிடம் கேட்டு, அவருக்கே ஒரு கோல் எடுங்கள். எத்தனை பேர் வேண்டும், சீசனுக்கு மட்டுமா நிரந்தரமா, இரவு ஷிப்ட் உண்டா, தங்க இடம் தருவார்களா, சீ.வியை எங்கே, எப்போதைக்குள் அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் போதாதா? "இதை நாலு பேருக்குச் சொல்லலாமா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

இரவு ஷிப்ட் உண்டு, தங்க இடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிப் பயனில்லை. இரவு வேலை முடிந்து அவ்வளவு தூரம் எப்படிப் போவது? கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் ஆங்கிலம் பேசக்கூடிய இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். "இன்றைக்கு நானே பேசினேன், ஒருவர்தான் தேவை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்" என்று எழுதினாலே போதும். ஆள் எடுத்துவிட்டால் அதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சொன்னால்தான் அடுத்த முறை உங்கள் பெயரைக் கண்டதும் திறப்பார்கள்.

கல்முனை: வர்த்தமானியில் வந்தது என்றால் சரிபார்க்கத் தேவையில்லைதானே?

வர்த்தமானியில் இருப்பது சரிதான். ஆனால் உங்களுக்கு வருவது அதைப் பார்த்து யாரோ செய்த படம். வயதெல்லை விடுபட்டிருக்கும், குறிப்பிட்ட மாவட்டத்தவருக்கு மட்டும் என்ற வரி விடுபட்டிருக்கும். documents.gov.lk இல் தமிழ் வர்த்தமானியைத் திறந்து, எந்தத் திகதி வெளியானது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவுத்தபாலில் கேட்டிருந்தால் கடைசி நாளில் தகவல் கொடுத்து என்ன செய்வது? விண்ணப்பம் அன்றைக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு ஐயா: மகள், என்ர மகனுக்குக் கட்டாரில் ஒரு வேலை எடுத்துத் தருவீர்களா? ஒருவர் விசாவுக்கு முதலே காசு கேட்கிறார்.

ஐயா, நான் வேலை எடுத்துக் கொடுக்கிறவள் இல்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறவள். ஆனால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் எந்த ஏஜென்சி என்று கேட்டு, அதன் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்குங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அந்த அனுமதி இப்போதும் செல்லுபடியாகிறதா, இந்த வேலைக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இலக்கம் சொல்லத் தயங்கினாலோ, விசிட் விசாவில் போகலாம் என்றாலோ விட்டுவிடுங்கள். இந்த விசாரிப்பு முடியாத வெளிநாட்டு வேலையை நான் யாருக்கும் அனுப்புவதே இல்லை.

அம்பாறை, ஆட்சேர்ப்பில் இருப்பவர்: தங்கச்சி, நீங்கள் சொல்லாத ஒன்று. ஒரு இடம் காலியாகப்போவது சில நேரம் அந்த இடத்தில் இருப்பவருக்கே தெரியாது. தகவல் வெளியே போய், அவர் கடைத்தெருவில் வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறார். இன்னொன்று, "அக்கா சொன்னா, வேலை சரியாம்" என்று சிலர் நேரே வந்து நிற்கிறார்கள்.

அண்ணா, முதலாவதை நான் யோசிக்கவே இல்லை. இனி "சொல்லலாமா" என்பதோடு, "இப்போது இருப்பவருக்குத் தெரியுமா" என்றும் கேட்பேன். இரண்டாவதுக்கு, "தகவல் மட்டும்தான், முடிவு அவர்களுடையது" என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். ஒருவருடைய வேலையை நானே நேரில் பார்த்திருந்தால்தான் என் பெயரைச் சொல்லச் சொல்வேன்.

அக்கரைப்பற்று: சம்பளம் சொல்லமாட்டோம் என்கிற இடத்தை அனுப்பலாமா?

இதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. "கேட்டேன், சொல்லவில்லை" என்று சேர்த்துத்தான் இப்போது அனுப்புகிறேன். போன மாதம் ஒரு பிள்ளை அப்படிப் போய், பஸ் காசுக்கும் காணாத சம்பளம் என்று திரும்பி வந்தது. அதே இடத்தில் இன்னொருவர் சந்தோஷமாக வேலை செய்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள், அண்ணா?