வலிப்பு வந்ததும் மணி பாருங்கள்

"மகளுக்கு 6 வயது. வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கிறோம். டாக்டர் டைரி எழுதச் சொன்னார், என்ன எழுத? தக்கலையிலிருந்து."

அக்கா, சாவி வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடவே கூடாது. உடனே மணி பார்த்துவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

டைரியில் எந்தக் கை முதலில் வெட்டி இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம், அப்புறம் எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று எழுதுங்கள். விட்டுப்போன மருந்து, காய்ச்சல், முந்தின இரவுத் தூக்கம், இவையும் வேண்டும். என் மகனுக்கு 4 மாதத்தில் 3 முறை வந்தது. மூன்றுமே கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ கண்விழித்த மறுநாள் காலை. டைரியைப் புரட்டிய பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது.